கூச்சக்காரப் பெண்ணும் கோபமான அழைப்பும்: ஒரு கால் சென்டர் சிறுகதையைப் படிப்படியாக எழுதும் முறை

கால் சென்டரில் புதிதாகச் சேர்ந்த கூச்ச சுபாவமுள்ள பெண். கோபமாகப் பேசுகிறவர்களைச் சமாளிக்க அவளுக்குக் கற்றுத்தரும் சக ஊழியர். இந்தக் கருவை எடுத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். சக ஊழியர் ஒரு பக்கம் அறிவுரை சொல்கிறார். அடுத்த பக்கத்தில் பெண் தைரியசாலி ஆகிவிடுகிறாள். இடையில் என்ன மாறியது என்று வாசகருக்குத் தெரிவதில்லை.

சுமார் 2000 சொற்களில் ஒரு சிறுகதையை இங்கே கட்டிப் பார்க்கலாம். பெண்ணின் பெயர் கோமதி, வயது 22. கற்றுத்தருபவர் ஷர்மிளா, நான்கு வருடம் மூத்தவர், கோமதிக்கு ‘அக்கா’. இடம் அம்பத்தூரில் ஒரு வங்கியின் தமிழ் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. அழைப்பவர் செஞ்சியிலிருந்து அஞ்சலை. கீழே உள்ள வரிசை முக்கியம். கதையில் முதலில் வருவதை முதலில் எழுதக் கூடாது. புகாரிலிருந்து தொடங்க வேண்டும்.

1. உட்காரும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

கால் சென்டரின் வேலைத் தளத்தில் எது முடியும், எது முடியாது என்று தெரியாமல் எழுதினால் கதை நடுவில் உடையும். குறைந்தது நான்கு விஷயங்களை, அங்கே வேலை செய்கிற யாரையாவது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலாவது, மேசையில் என்ன இருக்கும் என்பது. வங்கி வேலை நடக்கும் பல தளங்களில் செல்போன், பேனா, காகிதம் எதற்கும் அனுமதி இல்லை. அட்டை எண்ணை யாரும் எழுதிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக. எல்லாம் வெளியே லாக்கரில் இருக்கும். ஆகவே ‘கோமதி நோட்டில் குறித்துக்கொண்டாள்’ என்று எழுதினால் உள்ளே வேலை பார்த்த வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். இந்தத் தடைதான் பின்னால் நம் கதைக்கு அதன் முக்கியமான படிமத்தைத் தரப்போகிறது.

இரண்டாவது, அழைப்பு எப்படி வருகிறது என்பது. மணி அடித்து ரிசீவரை எடுக்கும் காட்சி பெரும்பாலான இடங்களில் இல்லை. ஹெட்செட்டில் ‘பீப்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி ஆள் லைனில் இருக்கிறார். கூச்சமுள்ளவருக்கு இந்த ‘பீப்’பைவிடப் பயங்கரமான சத்தம் கிடையாது. மனதைத் தயார்படுத்திக்கொள்ள நேரமே தராது.

மூன்றாவது, யார் யாருடைய அழைப்பைக் கேட்கலாம் என்பது. ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பைத் தன் இடத்திலிருந்தே கேட்கவும் நடுவில் நுழையவும் உரிமை டீம் லீடருக்கும் தரம் பார்ப்பவர்களுக்கும் உண்டு. பக்கத்து இருக்கை ஊழியருக்குக் கிடையாது. ஷர்மிளா பாய்ந்து வந்து ஹெட்செட்டைப் பிடுங்கிப் பேசுகிற காட்சியை எழுதாதீர்கள். பயிற்சிக்காக ஒரே லைனில் இரண்டு ஹெட்செட் மாட்டி அருகில் உட்கார்ந்து கேட்பது உண்டு. அப்போதும் கேட்பவருடைய மைக் அணைந்திருக்கும்.

நான்காவது, அழைப்பு முடிந்ததும் என்ன நடக்கிறது என்பது. வாடிக்கையாளரிடம் என்ன சொல்லப்பட்டது என்று கணினியில் ஒரு வரி எழுதி மூட வேண்டும். அந்த வரியின் கீழே எழுதியவருடைய பெயரோ லாகின் எண்ணோ நிற்கும். இந்தச் சின்ன விவரம்தான் நம் கதையின் முதுகெலும்பு.

2. புகாரை முதலில் முடிவு செய்யுங்கள்

‘ஏதோ ஒரு பிரச்சினைக்காகக் கத்துகிறார்’ என்று விட்டுவிட்டால் கோபமும் பொதுவாகவே இருக்கும். தொகை, தேதி, இடம் மூன்றும் உள்ள புகார் ஒன்று வேண்டும். அதற்குச் சரியான பதில் ஒன்றும் இருக்க வேண்டும். பதிலே இல்லாத புகாரை வைத்தால் ஷர்மிளாவால் ஆறுதலைத் தவிர எதையும் கற்றுத்தர முடியாது.

நாம் எடுப்பது இது. ஆகஸ்ட் 3-ம் தேதி காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டு ஏடிஎம்மில் அஞ்சலை 10,000 ரூபாய் எடுக்கப் போகிறாள். இயந்திரம் கரகரவென்று சத்தம் போடுகிறது, பணம் வரவில்லை. ஆனால் கணக்கில் கழிந்ததாக எஸ்எம்எஸ் வந்துவிடுகிறது.

இதற்கு ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று உண்டு. 2019 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கையின்படி, பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் வங்கி தானாகவே ஐந்து நாளுக்குள் திருப்பி வரவு வைக்க வேண்டும். நாட்களைப் பரிவர்த்தனை நடந்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. 3-ம் தேதி நடந்ததற்குக் கெடு 8-ம் தேதி.

இந்த விதியைக் கதைக்குள் அப்படியே ஒப்பிக்க வேண்டாம். ஆனால் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோமதி முதலில் சொல்லப்போகும் பொய்யான தேதியையும் பிறகு சொல்லப்போகும் உண்மையான தேதியையும் இதை வைத்துத்தான் தீர்மானிக்கிறோம்.

3. கோபத்துக்கு அடியில் இருப்பதைக் கண்டுபிடியுங்கள்

பத்தாயிரம் போனதற்கே யாரும் கோபப்படுவார்கள். அது மட்டும் கதைக்குப் போதாது. அந்தப் பணம் யாருடையது என்று கேளுங்கள்.

அஞ்சலை ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவில் தவணை வசூலிப்பவள். பெண்கள் சிலருடைய பிள்ளைகள் ஜிபேயில் அனுப்பிய தவணைப் பணம் அவள் கணக்கில் சேர்ந்திருக்கிறது. எடுத்துக் குழுவுக்குக் கட்டத்தான் போனாள். இப்போது ‘மெஷின்ல மாட்டிக்கிச்சு’ என்று அவள் சொல்வதை மற்றவர்கள் நம்பவில்லை. இருபது வருடம் பழகிய பெண்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

இதை வைத்ததும் ஒன்று தெளிவாகிறது. அவளுக்கு உடனே வேண்டியது பணத்தைவிட ஆதாரம். குழுக் கூட்டத்தில் காட்ட ஒரு புகார் எண், வங்கியிலிருந்து ஓர் எஸ்எம்எஸ். இதைக் கோமதியால் தர முடியும். பணத்தை அவளால் தர முடியாது. ஓர் ஊழியரால் தரக்கூடிய அளவுக்குள் அழைப்பவரின் தேவை இருக்கும்படி அமைப்பது இந்தக் கதைக்கு மிக முக்கியம். இல்லாவிட்டால் முடிவில் மேலதிகாரி யாராவது வந்து காப்பாற்ற வேண்டியிருக்கும்.

அஞ்சலை வாயிலிருந்து கெட்ட வார்த்தை வரவேண்டாம். கோபம் வேறு, வசை வேறு. வசை பாடுகிறவரை எச்சரித்துவிட்டு அழைப்பைத் துண்டிக்கப் பல நிறுவனங்களில் தனி நடைமுறை இருக்கிறது. அது வேறு கதை. அஞ்சலையின் பேச்சு இப்படி இருக்கட்டும்:

“ஏம்மா, நான் என்ன ஓசிலயா கேக்கறேன்? எம் பணம்மா. எத்தினி வாட்டி சொல்றது? பொறந்த தேதி சொல்லு, நம்பர் சொல்லு, அம்மா பேர் சொல்லுன்னு... எங்க அம்மா செத்து பதினாறு வருசம் ஆவுது, அவ பேரு உங்களுக்கு எதுக்கு?”

அடையாளம் சரிபார்க்கும் கேள்விகளைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஏற்கனவே கொதிப்பவரை அவை இன்னும் கொதிக்க வைக்கும். கோபம் ஏறுவதற்கு இயல்பான படிக்கட்டு இது.

4. கூச்சத்தைக் காதில் விழும்படி எழுதுங்கள்

‘கோமதி பயந்த சுபாவம்’ என்ற வாக்கியத்தை அடித்துவிடுங்கள். தொலைபேசி வேலையில் கூச்சம் குரலில்தான் வெளிப்படும். அதற்கு நான்கு அடையாளங்கள் உண்டு: வாக்கியத்தின் கடைசிச் சொல் கரைந்துபோகும், வேகம் கூடும், மூச்சுக்கு மூச்சு ‘சாரி’ வரும், அமைதியைத் தாங்க முடியாமல் எதையாவது சொல்லி நிரப்பத் தோன்றும்.

கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது. கூச்சமுள்ளவர் கோபத்திலிருந்து தப்பிக்க வாக்குறுதி கொடுப்பார். ‘நாற்பத்தெட்டு மணி நேரத்துல வந்துடும் மேடம்’ என்று சொன்னால் எதிர்முனை கொஞ்சம் தணியும், அழைப்பு முடியும். அந்தச் சொல் உண்மையா என்று யோசிக்க அந்த நேரத்தில் அவளால் முடியாது. கோமதியின் கூச்சம் அவளை மட்டும் வருத்துவதாக இருந்தால் கதை மெலிதாகிவிடும். அதனால் இன்னொருவருக்கும் கெடுதி நேர வேண்டும்.

5. முதல் அழைப்பு: சுமார் 400 சொற்கள்

தேதி ஆகஸ்ட் 4. அஞ்சலை கத்துகிறாள், கோமதி குறுக்கே குறுக்கே மன்னிப்புக் கேட்கிறாள். இந்தப் பகுதியில் ஏழு ‘சாரி’ வைத்துக்கொள்ளுங்கள். எண்ணி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: கடைசி அழைப்பில் ஒன்றே ஒன்றுதான் வரப்போகிறது. வாசகர் எண்ணமாட்டார், ஆனால் காது உணரும்.

“சாரி மேடம், அது வந்து, சாரி, நாங்க பாக்கறோம் மேடம்...”

“இன்னா பாக்கறீங்க? நேத்து காலையிலேருந்து பாத்துக்கினு இருக்கீங்களா?”

“சாரி மேடம். நாற்பத்தெட்டு மணி நேரத்துல வந்துடும் மேடம்.”

“நிச்சயமா?”

“வந்துடும் மேடம்.”

இங்கே மூன்று காரியங்களைச் சத்தமில்லாமல் செய்து முடிக்க வேண்டும். ஒன்று, பொய்யான கெடு. 48 மணி நேரம் என்றால் 6-ம் தேதி. உண்மையான கெடு 8. இரண்டு, கோமதி புகாரைப் பதிவு செய்யவில்லை. அழைப்பு முடிந்துவிட்ட நிம்மதியில் ‘48 மணி நேரம் எனத் தகவல் அளிக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதி மூடிவிடுகிறாள். மூன்று, அஞ்சலைக்குப் பின்னால் வேறு பெண்களின் குரல்கள் கேட்கின்றன. அதற்கு ஒரே வரி போதும்: ‘பின்னால் யாரோ சிரித்தார்கள், அல்லது சிரித்தது போல இருந்தது.’ விளக்கம் வேண்டாம். கோமதி பேசிக்கொண்டே இருந்ததால் அதைச் சரியாகக் கேட்கவில்லை. வாசகரும் கடந்து போகட்டும்.

இந்தப் பகுதியில் பலரும் செய்யும் தவறு, அழைப்பவரின் முகத்தை வர்ணிப்பது. கோமதியால் பார்க்க முடியாத எதையும் எழுதக் கூடாது. ‘அவள் கண்கள் சிவந்தன’ என்று ஒரு வரி வந்தால்கூடப் பார்வைக் கோணம் முறிந்துவிடும். குக்கர் விசில், பஸ் ஹார்ன், மூக்கை உறிஞ்சுவது, இவைதான் உங்கள் கையிருப்பு.

6. பாடம்: இரண்டு மட்டும், கையால் செய்யக்கூடியதாக

பெரும்பாலான வரைவுகள் சாகும் இடம் இது. ஷர்மிளா கேன்டீனில் உட்கார்ந்து ‘பொறுமையா இரு, அவங்க உன்ன திட்டல, கம்பெனியதான் திட்டறாங்க’ என்கிறாள். உண்மைதான். ஆனால் அடுத்த ‘பீப்’ வரும்போது அதை வைத்துக்கொண்டு கோமதி என்ன செய்வாள்? செய்துகாட்ட முடியாத அறிவுரை கதையில் நடிக்காது.

உண்மையில் அனுபவமுள்ள ஊழியர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் விஷயங்கள் பத்துக்கு மேல் இருக்கும். அவற்றிலிருந்து இரண்டை எடுங்கள். இரண்டாவது அழைப்பில் இரண்டையும் முழுதாகக் காட்ட இடம் இருக்கும். ஐந்து எடுத்தால் பட்டியல்தான் மிஞ்சும்.

முதல் பாடம்: கொட்டட்டும், குறுக்கே போகாதே. ஆனால் ஊமையாகவும் இருக்காதே. முழு அமைதி கொடுத்தால் எதிர்முனையில் ‘ஹலோ? ஹலோ? கீறியா?’ என்று இரட்டைக் கோபம் வரும், லைன் செத்துவிட்டதோ என்று. ஆகவே சின்னச் சத்தங்கள் மட்டும்: ‘ம்’, ‘சரிங்கம்மா’, ‘ஆமாங்க’. அந்த நேரத்தில் மூன்று விவரத்தை மட்டும் பிடிக்க வேண்டும்: எவ்வளவு, எப்போது, எங்கே. பேனாவும் காகிதமும் இல்லாத தளம் இல்லையா? ஷர்மிளா மேசைக்கு அடியில் விரல்களை மடக்குகிறாள். தொகைக்குச் சுண்டுவிரல், தேதிக்கு மோதிர விரல், இடத்துக்கு நடுவிரல். மூன்றும் மடங்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. திறந்ததும் முதலில் வரவேண்டியது மன்னிப்பு இல்லை, அந்த மூன்றும்தான். தன் கதையைத் தன் வாயால் அல்லாமல் இன்னொருவர் வாயால் கேட்கும்போதுதான் கோபக்காரர் முதல்முறையாக மூச்சு விடுவார்.

இரண்டாம் பாடம்: திரையில் இருப்பதை மட்டும் சொல். தெரியாததற்கு நேரம் கேள், வாக்குக் கொடுக்காதே. ஹோல்டில் போடும் முன் அனுமதி வாங்கு, எவ்வளவு நேரம் என்று சொல், அதற்கு முன்னதாகவே திரும்பி வா. ஒரு நிமிடம் என்று சொல்லி நாற்பது நொடியில் வந்தால், நீ சொல்லும் அடுத்த சொல்லுக்கு மதிப்பு ஏறும்.

இதை விரிவுரையாக எழுதாதீர்கள். இடைவேளை பதினைந்து நிமிடம்தான். டீ வாங்க வரிசையில் நிற்கும்போது நடக்கட்டும். ஷர்மிளா கோபக்காரராக நடிக்கட்டும், கோமதி முதல் முறை தோற்கட்டும்.

“மூணாந்தேதி வேலூர்ல எட்டாயிரம் எடுக்கப் போனேன், மெஷின் முழுங்கிடுச்சு, நீங்கள்லாம் என்ன கிழிக்கிறீங்க?”

“சாரி மே—”

“ஒரு வெரல் கூட மடங்கல பாரு.”

கோமதி தன் கையைப் பார்த்தாள். ஐந்து விரலும் விறைத்து நின்றன.

“திரும்பச் சொல்லுங்கக்கா.”

இவ்வளவு போதும். ஷர்மிளா ஏன் இதைச் சொல்லித் தருகிறாள் என்பதற்கும் ஒரு காரணம் வையுங்கள். நல்ல மனசு என்பது மட்டும் காரணமாக இருந்தால் அவள் அட்டைப் பொம்மை ஆகிவிடுவாள். அவசரமாக மூடப்பட்ட அழைப்புகள் திரும்பி வரும். அவை எல்லோர் தலையிலும் விழும். முந்தின நாள் யாரோ கொடுத்த வாக்குறுதிக்காக ஷர்மிளா இருபது நிமிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். அவளுக்கும் இது தேவைப்படுகிறது. கொஞ்சம் எரிச்சலோடு கற்றுத்தரும் அக்காதான் நம்பும்படி இருப்பாள்.

7. அதே அழைப்பவர் அதே பெண்ணுக்கு வருவதை நம்பும்படி செய்யுங்கள்

அஞ்சலை மறுபடி கூப்பிடும்போது அது கோமதிக்கே போய்ச் சேர வேண்டும். இங்கேதான் உள்ளே வேலை பார்த்தவர்கள் புருவம் உயர்த்துவார்கள். அழைப்புகளைப் பங்கிடும் மென்பொருள் வழக்கமாக அதிக நேரம் சும்மா இருப்பவருக்குத்தான் அடுத்த அழைப்பைத் தள்ளும். நூறு பேர் இருக்கும் தளத்தில் அதே ஆள் கிடைப்பது அபூர்வம்.

இதைச் சரிசெய்ய அற்புதம் எதுவும் வேண்டாம், எண்ணிக்கையைக் குறைத்தால் போதும். காலை ஏழு மணி ஷிப்ட், தமிழ்ப் பிரிவில் லாகின் செய்திருப்பவர்கள் நான்கு பேர். ஒருவர் நீண்ட அழைப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறார், ஒருவர் இடைவேளையில். மீதி கோமதியும் ஷர்மிளாவும். இந்த வரியைக் கதையின் தொடக்கத்திலேயே, முதல் அழைப்புக்கு முன்பே போட்டுவிடுங்கள். பின்னால் போட்டால் சமாதானம் போலத் தெரியும்.

முக்கியமாக, அஞ்சலைக்கு இது அதே பெண் என்று தெரியாது. கோமதிக்கும் குரலை வைத்துத் தெரிய வேண்டாம். கணக்கு எண்ணைத் திறந்ததும் திரையில் பழைய பதிவு வருகிறது: ‘48 மணி நேரம் எனத் தகவல் அளிக்கப்பட்டது.’ கீழே அவளுடைய லாகின் எண்.

8. இரண்டாவது அழைப்பு: சுமார் 700 சொற்கள்

கதையின் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். தேதி ஆகஸ்ட் 7, உண்மையான கெடுவுக்கு முந்தின நாள். 9-ம் தேதி என்று வைத்தால் இழப்பீடு தர வேண்டிய நிலை வந்து கதை வெற்றிக் கதையாகச் சாயும். 7-ம் தேதி கோமதியிடம் பணமும் இல்லை, இழப்பீடும் இல்லை. உண்மை மட்டும்தான் இருக்கிறது.

வரிசை இப்படிப் போகட்டும். ‘பீப்’. அஞ்சலை கொட்டுகிறாள். கோமதி விரல்களை மடக்குகிறாள். ‘ம்... சரிங்கம்மா.’ அவள் வாயை மூடியிருப்பதால் இந்த முறை பின்னணிக் குரல்கள் தெளிவாகக் காதில் விழுகின்றன: ‘கேளு, கேளு, இன்னா சொல்றாங்கன்னு நாங்களும் கேக்கறோம்.’ ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் அஞ்சலை கத்துகிறாள் என்பது கோமதிக்கு அப்போது புரிகிறது. பாடம் வேலை செய்துவிட்டது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. முதல் அழைப்பில் தவறவிட்டதை இப்போது அவள் கேட்டுவிட்டாள்.

“பத்தாயிரம் ரூபாய். மூணாந்தேதி காலையில. செஞ்சி பஸ் ஸ்டாண்டு ஏடிஎம். சரிங்களாம்மா?”

எதிர்முனையில் ஒரு கணம் பேச்சில்லை.

“ஆமா. அதான்.”

இந்த அமைதியைப் பெரிதுபடுத்த வேண்டாம். கோபம் முழுவதும் போய்விடக் கூடாது. கேள்வி திரும்பி வரவேண்டும், இன்னும் கூர்மையாக:

“நாலாந்தேதி ஒரு பொண்ணு ரெண்டு நாளுல வந்துடும்னா. அவ எங்க? அவளக் கூப்புடு.”

திரையில் லாகின் எண். இங்கேதான் கதையின் திருப்பம். கோமதிக்கு இரண்டு வழி இருக்கிறது. ‘அவங்க இப்ப ஷிப்ட்ல இல்லம்மா’ என்று சொல்லலாம், யாருக்கும் தெரியாது. அழைப்பு பதிவாகிறது என்றாலும் அதை யாராவது எடுத்துக் கேட்டால்தான் உண்டு. அந்தப் பழைய வழி அவள் நாக்கின் நுனிவரை வரட்டும். ஷர்மிளா பக்கத்தில் வேறு அழைப்பில் இருக்கட்டும், இந்தப் பக்கம் திரும்பக்கூட வேண்டாம். இந்த முடிவுக்கு எந்தப் பாடமும் அவளுக்குச் சொல்லித்தரப்படவில்லை. ஆகவே இது அவளுடையதாக இருக்கும்.

“அது நான்தாம்மா. தெரியாம சொல்லிட்டேன். சாரி.”

ஒரே ‘சாரி’. இதுதான் அது.

அஞ்சலை உடனே மன்னிக்கக் கூடாது. அவள் திட்டட்டும், நியாயமாகவே: “உன் ஒரு பேச்ச வச்சிக்கினு நான் இவங்ககிட்ட ஆறாந்தேதின்னு சத்தியம் பண்ணேன்டி.” கோமதி கேட்டுக்கொண்டிருக்கட்டும். பிறகு ஒரு நிமிடம் அனுமதி கேட்டு, ஹோல்டில் போட்டு, புகாரைப் பதிவு செய்து, நாற்பது நொடியில் திரும்பி வருகிறாள்.

“எட்டாந்தேதி வரைக்கும் பேங்குக்கு டைம் இருக்குதும்மா. நாளைக்கு. அதுக்கு மேல போனா நாளுக்கு நூறு ரூபாய் சேத்துத் தரணும், அது ரூல். இப்ப புகார் நம்பர் உங்க போனுக்கு வரும். அதுல தேதியும் தொகையும் இருக்கும். அத அவங்ககிட்ட காட்டுங்கம்மா.”

‘அவங்ககிட்ட’ என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ‘இவங்க’ யார் என்று அஞ்சலை நேராகச் சொல்லவே இல்லை. கோமதி கேட்டிருக்கிறாள் என்று அவளுக்கு இப்போது தெரிகிறது.

ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். கோமதி முதல் நாள் புகாரைப் பதியாததால் பணம் தாமதமாகவில்லை. அது தானாக வரவேண்டிய பணம். அவளால் போனது அஞ்சலையின் மானம், மூன்று நாள். திரும்பத் தந்ததும் அதில் கொஞ்சம்தான். தவறின் அளவையும் திருத்தத்தின் அளவையும் இப்படிச் சரியாக வைத்தால் அழுகையும் மன்னிப்பும் தானாகவே மட்டுக்குள் நிற்கும்.

9. எங்கே நிறுத்துவது

மூன்று முடிவுகளைத் தவிர்த்துவிடுங்கள்: டீம் லீடர் பாராட்டுவது, அஞ்சலை ‘நல்லா இரும்மா’ என்று வாழ்த்துவது, பணம் வந்துவிட்டது என்ற செய்தி. மூன்றுமே வாசகர் எதிர்பார்த்துக் காத்திருப்பவை. மூன்றாவதைச் சொன்னால் கதை பணத்தைப் பற்றியதாகிவிடும்.

எஸ்எம்எஸ் வந்த ‘டிங்’ சத்தம் அஞ்சலையின் முனையில் கேட்கட்டும். ஒரு பெண் குரல் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கட்டும்: ‘ப... பத்தாயிரம்...’ லைன் கட்டாகட்டும். ‘நன்றி’ இல்லாமலே. கோமதி பதிவு எழுதுகிறாள். மேசைக்கு அடியில் மூன்று விரல்கள் இன்னும் மடங்கியே இருப்பதைப் பார்க்கிறாள். நிமிர்த்துவதற்குள் அடுத்த ‘பீப்’. அங்கேயே புள்ளி.

10. திருத்தும்போது

முதலில் உரையாடலை மட்டும் இரண்டு பேர் சத்தமாகப் படியுங்கள், ஒருவரையொருவர் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்து. முகம் தெரியாதபோதும் யார் பேசுகிறார், எந்த மனநிலையில் என்று புரிய வேண்டும். புரியவில்லை என்றால் ‘கோபமாகச் சொன்னாள்’ என்று ஒட்டுப்போடாதீர்கள், வசனத்தையே மாற்றுங்கள்.

அடுத்து கோமதியின் இரண்டு அழைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் அவள் பேசிய சொற்கள் இரண்டாவதைவிட அதிகமாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால், நீங்கள் அவளுக்குத் தைரியத்தைக் கொடுத்துவிட்டுச் செவியைக் கொடுக்க மறந்துவிட்டீர்கள். இரண்டாவது அழைப்பில் அவள் வாயிலிருந்து வரும் விளக்கங்களை வெட்டுங்கள்.

கடைசியாகத் தள மொழியைப் பாருங்கள். ஹெட்செட், ஹோல்ட், டீம் லீடர், லாகின், ஷிப்ட், இவை வாசகருக்குத் தெரியும். அழைப்பு நேரச் சராசரி, தர மதிப்பெண் போன்றவற்றுக்குச் சுருக்கெழுத்துகள் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்க வரி தேவைப்படும். ‘நாலு நிமிசத்துக்கு மேல போனா கேள்வி வரும்’ என்று ஷர்மிளா டீ வரிசையில் சொன்னாலே அந்த அழுத்தம் முழுதும் வந்துவிடும். இரண்டாவது அழைப்பு ஒன்பது நிமிடம் ஓடியது என்று திரையின் மூலையில் எண் மாறுவதையும் ஓரிடத்தில் காட்டிவிடுங்கள்.